கொட்டேஷன், புரோஃபார்மா, டாக்ஸ் இன்வாய்ஸ்: நிறுவனங்களுக்கு விற்கும்போது எந்தக் காகிதத்தை எப்போது கொடுக்க வேண்டும்?

"சார், செய்யாறு தாண்டி வண்டியை நிறுத்திட்டாங்க. பில் காட்டுங்கன்னு கேட்டாங்க, காட்டினோம். இது பில்லே இல்லைன்னு சொல்றாங்க."

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றின் நிர்வாகியிடம் இருந்து சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு வந்த தொலைபேசி அழைப்பு இது. வண்டியில் இருந்தது செக்குக் கடலை எண்ணெய். தரத்தில் குறை இல்லை, விலையில் தகராறு இல்லை, வாங்குபவர் பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டார். ஓட்டுநர் கையில் இருந்த காகிதத்தின் தலைப்பில் 'புரோஃபார்மா இன்வாய்ஸ்' என்று அச்சாகி இருந்தது. 'இன்வாய்ஸ்' என்ற சொல் இருக்கிறதே, அது போதும் என்று நினைத்து அனுப்பிவிட்டார்கள்.

சந்தையிலும் மண்டியிலும் விற்கும்வரை நமக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. இனிப்புக் கடை, ஓட்டல், சூப்பர் மார்க்கெட் போன்ற ஜி.எஸ்.டி. பதிவுள்ள நிறுவனங்களுக்கு மதிப்புக்கூட்டிய பொருளை விற்கத் தொடங்கும்போதுதான் கொட்டேஷன், புரோஃபார்மா இன்வாய்ஸ், டாக்ஸ் இன்வாய்ஸ் என்ற மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கப்படுகின்றன. மூன்றிலும் பொருள், அளவு, விலை, வரி எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

'என்ன விலைக்குத் தருவீர்கள்?' என்ற கேள்விக்குப் பதில் கொட்டேஷன். 'ஒப்புக்கொண்டபடி நான் எவ்வளவு பணம் அனுப்ப வேண்டும்?' என்பதற்குப் பதில் புரோஃபார்மா. 'எந்தப் பொருள், எவ்வளவு, எந்தத் தேதியில் உங்கள் கிடங்கைவிட்டுப் புறப்பட்டது, அதற்கு எவ்வளவு வரி?' என்பதற்குப் பதில் டாக்ஸ் இன்வாய்ஸ். முதல் இரண்டும் உங்களுக்கும் வாங்குபவருக்கும் இடையிலான பேச்சு. மூன்றாவதில் அரசும் சேர்ந்துகொள்கிறது.

ஒரு விற்பனையைத் தொடக்கம் முதல் முடிவு வரை எடுத்துக்கொண்டு பார்ப்போம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். சென்னையில் அலுவலகமும் காஞ்சிபுரத்தில் தயாரிப்புக் கூடமும் உள்ள ஓர் இனிப்பு, காரம் தயாரிக்கும் நிறுவனம். தேவை, 15 கிலோ டின்னில் 50 டின் கடலை எண்ணெய். கணக்கு புரிவதற்காக டின் ஒன்றுக்கு 3,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கொட்டேஷன்

டிசம்பர் 3-ஆம் தேதி இனிப்பு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருந்து விலை கேட்கிறார்கள். அவர்கள் இன்னும் வாங்குவதாகச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு மூன்று இடங்களிலும் கேட்டிருப்பார்கள். வங்கிக் கடனில் டிராக்டரோ பவர் டில்லரோ வாங்கியவர்களுக்கு இந்தக் காகிதம் புதிதல்ல. விற்பனையாளரிடம் வாங்கி வங்கியில் கொடுத்திருப்பீர்கள். இப்போது நீங்கள் மேசையின் மறுபக்கத்தில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கொட்டேஷனில் விலை மட்டும் எழுதினால் போதாது. 3,600 ரூபாய் வரி சேர்த்தா, வரி நீங்கலாகவா? வண்டி வாடகை யாருடையது? டின்னுக்குத் தனி விலை உண்டா? முன்பணம் எவ்வளவு, மீதி எத்தனை நாளில்? இந்தக் கேள்விகளுக்கு இங்கேயே பதில் இருக்க வேண்டும். நம் உதாரணத்தில், 'டின் உட்பட 3,600 ரூபாய், ஜி.எஸ்.டி. 5 சதவீதம் தனி, காஞ்சிபுரம் வரை வண்டி வாடகை 4,000 ரூபாய் தனி, பாதித் தொகை முன்பணம், மீதி சரக்கு கிடைத்த 15 நாளில்' என்று எழுதுகிறார்கள்.

பலர் எழுதாமல் விடும் வரி ஒன்று உண்டு. 'இந்த விலை டிசம்பர் 10 வரை செல்லும்' என்ற வரி. நிலக்கடலை விலை வாரத்துக்கு வாரம் மாறக்கூடியது. பருப்பு விலை ஏறினால் எண்ணெய் அடக்கமும் ஏறும். கெடு எழுதாத கொட்டேஷனைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் கழித்து ஒருவர், 'நீங்கள் கொடுத்த விலைதானே' என்று பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்பினால், வாடிக்கையாளரை இழப்பதா, டின்னுக்கு 200 ரூபாய் நட்டப்படுவதா என்ற நிலைக்கு வருவீர்கள். நியாயமான காலம் கடந்த விலையைச் சட்டம் உங்கள்மேல் திணிக்காது. ஆனால் எது நியாயமான காலம் என்று வாதாட வேண்டிய நிலையை ஏன் உருவாக்க வேண்டும்? ஒரு தேதியை எழுதிவிட்டால் பேச்சே இல்லை.

அதேபோல், கெடுவுக்குள் அவர்கள் ஒப்புக்கொண்டு ஆர்டர் அனுப்பிவிட்டால் அந்த விலைக்கு நீங்கள் கட்டுப்பட்டவர். ஆகவே கையில் கடலை இருப்பு இல்லாமல் நீண்ட கெடு கொடுக்காதீர்கள். ஒரு வாரம் போதும்.

அடுத்து புரோஃபார்மா இன்வாய்ஸ்

டிசம்பர் 8-ஆம் தேதி பர்ச்சேஸ் ஆர்டர் வருகிறது. 50 டின், ஒப்புக்கொண்ட விலை. இப்போது முன்பணம் வர வேண்டும். வாங்கும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு கொட்டேஷனை வைத்துப் பணம் அனுப்பாது. அதில் விலைதான் இருக்கிறது, கட்ட வேண்டிய மொத்தத் தொகையோ உங்கள் வங்கிக் கணக்கு விவரமோ இல்லை. 'ஒரு பி.ஐ. அனுப்புங்கள்' என்பார்கள். பி.ஐ. என்றால் புரோஃபார்மா இன்வாய்ஸ்தான். வாங்குபவர் வங்கிக் கடன் போட்டு வாங்குவதாக இருந்தாலும் இதைக் கேட்பார்.

டிசம்பர் 9-ஆம் தேதி அனுப்பும் புரோஃபார்மாவில் கணக்கு இப்படி இருக்கும். 50 டின்னுக்கு 1,80,000 ரூபாய். வண்டி வாடகை 4,000. ஆக 1,84,000. அதற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 9,200. மொத்தம் 1,93,200 ரூபாய். முன்பணம் அதில் பாதி, 96,600 ரூபாய். வண்டி வாடகைக்கும் ஏன் வரி என்று கேட்கலாம். எண்ணெயைக் கொண்டுவந்து தருவதாக ஒப்புக்கொண்டு வாடகையை நீங்களே வசூலித்தால், அது எண்ணெய் விலையோடு சேர்ந்த பகுதி. எண்ணெய்க்கு என்ன வரியோ அதே வரி வாடகைக்கும் பொருந்தும்.

புரோஃபார்மாவில் வரியைக் காட்டுவது தவறல்ல, காட்டத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் வரியைச் சேர்க்காமல் பாதியைக் கணக்கிட்டு அனுப்புவார்கள். ஆனால் இது வரி வசூலித்த ஆவணம் அல்ல. இதை வைத்து அவர்கள் உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்க முடியாது, நீங்களும் இதற்காக அரசுக்கு வரி கட்ட வேண்டியதில்லை. ஆகவே தலைப்பில் 'புரோஃபார்மா இன்வாய்ஸ்' என்று முழுதாகப் போட்டு, கீழே 'இது வரி விலைப்பட்டியல் அல்ல' என்று ஒரு வரி சேருங்கள்.

இதற்கான எண் வரிசையும் தனியாக இருக்கட்டும். டாக்ஸ் இன்வாய்ஸ் எண்கள் ஒரு நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாக ஓட வேண்டும் என்பது விதி. அதே வரிசையில் 41-ஐ புரோஃபார்மாவுக்குக் கொடுத்து, 42-ஐ டாக்ஸ் இன்வாய்ஸுக்குக் கொடுத்தால், '41 எங்கே?' என்ற கேள்வி கணக்குத் தாக்கல் செய்யும்போது வரும்.

டிசம்பர் 12-ஆம் தேதி 96,600 ரூபாய் வங்கியில் வரவாகிறது. இந்த இடத்தில் பலர் பதறி, பணம் வந்துவிட்டதே என்று உடனே டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. முன்பணத்துக்குக் கொடுக்க வேண்டியது ஒரு ரசீது வவுச்சர் மட்டுமே. பொருள் விற்பனையில் வாங்கும் முன்பணத்துக்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டாம் என்று 2017 நவம்பரிலேயே அரசு அறிவித்துவிட்டது. டிராக்டர் வாடகை, தரம்பிரித்துக் கொடுத்தல் போன்ற சேவை விற்பனைக்கு இந்தத் தளர்வு கிடையாது. வரிக்குரிய சேவையாக இருந்தால் முன்பணம் வாங்கும்போதே வரிப் பொறுப்பு வந்துவிடும்.

சரக்கு ஏறும்போது டாக்ஸ் இன்வாய்ஸ்

டிசம்பர் 22-ஆம் தேதி வண்டி வந்து நிற்கிறது. செக்கு இரண்டு நாள் பழுதாகி நின்றதால் 46 டின் மட்டுமே தயார். இப்போது எந்த எண்ணிக்கைக்கு இன்வாய்ஸ் போடுவது?

ஒப்புக்கொண்டது 50, புரோஃபார்மா போட்டது 50, முன்பணம் வாங்கியது 50-க்கு. எனவே 50-க்கே போட்டுவிட்டு, '4 டின் பின்னால் வரும்' என்று பேனாவால் எழுதி அனுப்புவது நம் ஊர் வழக்கம். அது தவறு. டாக்ஸ் இன்வாய்ஸ் ஒப்பந்தத்தைச் சொல்லும் காகிதம் அல்ல. வண்டியில் ஏறியதைச் சொல்லும் காகிதம். சட்டம் சொல்வதும் இதையே: பொருள் உங்கள் இடத்தைவிட்டுப் புறப்படும்போதோ அதற்கு முன்போ டாக்ஸ் இன்வாய்ஸ் போடப்பட்டிருக்க வேண்டும். எது புறப்படுகிறதோ அதற்கு.

ஆகவே கணக்கு மாறுகிறது. 46 டின்னுக்கு 1,65,600 ரூபாய். வண்டி வாடகை 4,000. வரிக்குரிய மதிப்பு 1,69,600. இரண்டும் தமிழ்நாட்டுப் பதிவு என்பதால் மத்திய ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் 4,240 ரூபாய், மாநில ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் 4,240 ரூபாய். மொத்தம் 1,78,080 ரூபாய். அதன் கீழே 'பெற்ற முன்பணம் 96,600, மீதி 81,480' என்று காட்டலாம்.

முன்பணத்தைக் கழித்துவிட்டு மீதி 81,480-க்கு மட்டும் இன்வாய்ஸ் போடுவது நான் அடிக்கடி பார்க்கும் இன்னொரு தவறு. இன்வாய்ஸ் எப்போதும் பொருளின் முழு மதிப்புக்குத்தான். எவ்வளவு பணம் வந்தது என்பது வேறு கணக்கு. விட்டுப்போன 4 டின்னை 27-ஆம் தேதி அனுப்பும்போது 14,400 ரூபாய்க்கும் அதன் வரி 720 ரூபாய்க்கும் சேர்த்து 15,120 ரூபாய்க்குத் தனி இன்வாய்ஸ். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், புரோஃபார்மாவில் சொன்ன அதே 1,93,200 வரும்.

இன்வாய்ஸில் உங்கள் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், தொடர் எண், தேதி, வாங்குபவர் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், பொருளின் எச்.எஸ்.என். குறியீடு, அளவு, மதிப்பு, வரி விகிதம், வரித்தொகை, பொறுப்பாளர் கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். தொடர் எண் 16 எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது. கடலை எண்ணெய்க்கு எச்.எஸ்.என். 1508. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இந்த நான்கு இலக்கம் போதும். அலுவலகம் சென்னையிலும் சரக்கு இறங்கும் இடம் காஞ்சிபுரத்திலும் என்பதால் இரண்டு முகவரிகளும் வேண்டும்.

வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண்ணை அவர்களின் பர்ச்சேஸ் ஆர்டரைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. அதுவே 29 என்றிருந்தால் அது கர்நாடகப் பதிவு. எண்ணெயும் கர்நாடகத்துக்கே போகிறது என்றால் வரி இரண்டாகப் பிரியாது, ஐ.ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்று ஒரே வரியாக வரும்.

மூன்று பிரதி எடுக்க வேண்டும். முதல் பிரதி வாங்குபவருக்கு, இரண்டாவது வண்டிக்கு, மூன்றாவது உங்கள் கோப்புக்கு. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வரிக்குரிய சரக்குக்கு இ-வே பில்லும் வேண்டும். மாநிலம் தாண்டினால் அந்த வரம்பு 50,000 ரூபாய். இ-வே பில்லில் இன்வாய்ஸ் எண்ணையும் வண்டி எண்ணையும் பதிய வேண்டும்.

இடம் மாறினால் என்ன ஆகும்?

தொடக்கத்தில் சொன்ன வண்டிக்கு வருவோம். புரோஃபார்மாவுடன் பொருள் சென்றால், சட்டத்தின் பார்வையில் அது பில் இல்லாமல் சென்ற பொருள். வண்டியையும் சரக்கையும் தடுத்து வைக்கலாம். உரிமையாளர் முன்வந்து மீட்கும்போது வரிக்குரிய பொருளுக்கான அபராதம் வரித்தொகையைப் போல இரண்டு மடங்கு. நம் உதாரணத்தில் வரி 8,480 ரூபாய் என்றால் அபராதம் 16,960. டின்னுக்கு ஏறக்குறைய 369 ரூபாய் சுமை. அத்துடன் வண்டி நின்ற நாள்களுக்கான வாடகையும், சரக்குக்காகக் காத்திருந்த வாடிக்கையாளரின் கோபமும் சேரும். இத்தனைக்கும் அந்த நிறுவனம் வரி ஏய்க்க நினைக்கவே இல்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வாங்குபவர் முன்பண ஒப்புதலுக்காக 'பில்' கேட்டார் என்று டிசம்பர் 9-ஆம் தேதியே டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டுவிட்டால், இன்வாய்ஸ் தேதியை வைத்தே வரிப் பொறுப்பு வந்துவிடும். மாதக் கணக்கு தாக்கல் செய்பவர் என்றால் ஜனவரி 20-க்குள் 9,200 ரூபாயைக் கட்ட வேண்டும், சரக்கு பிப்ரவரியில் போனாலும் சரி. வாங்குபவரோ சரக்கு கைக்கு வந்த பிறகுதான் உள்ளீட்டு வரியை எடுக்க முடியும். இடையில் ஆர்டர் ரத்தானால் கிரெடிட் நோட் போட்டு அந்த வரியைச் சரிக்கட்ட வேண்டும். பொருளே போகாமல் டாக்ஸ் இன்வாய்ஸ் மட்டும் கொடுத்து வைப்பது ஜி.எஸ்.டி. சட்டத்தில் அபராதத்துக்குரிய குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். இப்படி 'பில்' கேட்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'பணம் அனுப்புவதற்கா, சரக்குக்கா?' பணம் அனுப்ப என்றால் புரோஃபார்மா.

ஆர்டர் ரத்தாகும்போதுதான் வேறுபாடு நன்றாகத் தெரியும். புரோஃபார்மா நிலையில் ரத்தானால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒரு ரீஃபண்ட் வவுச்சர் கொடுத்தால் முடிந்தது. டாக்ஸ் இன்வாய்ஸ் போட்ட பிறகு வரிக் கணக்கிலும் கை வைக்க வேண்டும்.

சரக்கு இறங்கியதோடு உங்கள் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. டிசம்பர் இன்வாய்ஸ்கள் இரண்டையும் ஜனவரி 11-க்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் ஏற்ற வேண்டும். அப்போதுதான் 14-ஆம் தேதி உருவாகும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலில் வாங்குபவருக்கு அந்த வரி தெரியும். தெரியாவிட்டால் அவரால் 9,200 ரூபாய் சலுகையை எடுக்க முடியாது. மீதிப் பணத்தை நிறுத்தி வைப்பார். 'பணம் தராமல் இழுக்கிறார்கள்' என்று என்னிடம் வந்த சில புகார்களில், இழுத்தடிப்புக்குக் காரணம் நம் பக்கத்தில் ஏற்றாமல் விட்ட இன்வாய்ஸ்தான்.

யாருக்கு இது பொருந்தாது?

தன் நிலத்தில் விளைந்ததை அப்படியே விற்கும் விவசாயி ஜி.எஸ்.டி. பதிவு பெற வேண்டியதில்லை. பொருள் மட்டும் விற்கும் நிறுவனமும் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு பெறத் தேவையில்லை. ஆனால் வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பு பொருந்தாது, முதல் டின்னிலேயே பதிவு வேண்டும். பதிவு இல்லாதவர் டாக்ஸ் இன்வாய்ஸ் கொடுக்கக்கூடாது, வரி என்று ஒரு ரூபாயும் வசூலிக்கக்கூடாது. சாதாரண பில் கொடுத்தால் போதும்.

பதிவு பெற்ற நிறுவனமே ஆனாலும், வரி இல்லாத புதிய காய்கறியை ஓட்டலுக்கு அனுப்பினால் டாக்ஸ் இன்வாய்ஸ் கிடையாது. அதற்கு 'பில் ஆஃப் சப்ளை' என்ற வேறு காகிதம். கூட்டு வரித் திட்டத்தில் இருப்பவர்களும் இதைத்தான் கொடுக்க வேண்டும். கொட்டேஷனும் புரோஃபார்மாவும் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவற்றுக்குப் பதிவு தேவையில்லை, சட்டம் வகுத்த வடிவமும் இல்லை.

அந்த நிர்வாகி இப்போது தன் அலுவலகத்தில் மூன்று கோப்புகள் வைத்திருக்கிறார். விலை கேட்டால் முதல் கோப்பு, பணம் கேட்க இரண்டாம் கோப்பு, வண்டி கிளம்ப மூன்றாம் கோப்பு. கிடங்குப் பொறுப்பாளருக்கு ஒரே உத்தரவு: எண்ணி ஏற்றிய டின்னும் டாக்ஸ் இன்வாய்ஸில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் மட்டுமே வண்டி வாசலைத் தாண்ட வேண்டும்.